பயணத்தில் பேசிவைத்த வாய்ஸ் நோட்டை வ்லாக் ஸ்கிரிப்டாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்குப் போய்ட்டு வந்தாச்சு. போன்ல இருபது முப்பது வாய்ஸ் நோட் கிடக்கு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

எழுத உட்காராதீர்கள். முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டு முடியுங்கள். ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

நான் அம்மாவோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போன கதையையே இங்கே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். திரும்பி வந்தபோது என்னிடம் 23 நோட் இருந்தது, மொத்தம் 41 நிமிடம். பாதியில் சக்கரத்தின் சத்தம்தான் கேட்கும். கேட்கும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதினேன்: எப்போது, எங்கே, எதைப் பற்றி. உதாரணமாக:

7.00, மேட்டுப்பாளையம். அம்மா இன்ஜினைத் தேடுகிறார். ★
7.15, வண்டிக்குள். கூட்டம், இட்லி, கொடி பிடித்த ஆள்.
7.30, கல்லார். சத்தம் மாறிவிட்டது. ★
9.00, ஹில்குரோவ். வடை, குரங்கு, இன்ஜினுக்குத் தண்ணீர். ★
10.30, குன்னூர். இன்ஜினைக் கழற்றுகிறார்கள். ★

அந்த நட்சத்திரம் முக்கியமானது. 'நல்ல தகவல்' என்று தோன்றும் இடத்தில் அதைப் போடாதீர்கள். பேசும்போது உங்கள் குரல் சட்டென்று மாறியிருக்கும் இடங்கள் சில இருக்கும்: வேகமாகப் பேசியிருப்பீர்கள், சிரித்திருப்பீர்கள், பாதியில் வாயடைத்திருப்பீர்கள். அங்கே போடுங்கள். தகவலை வீட்டுக்கு வந்தும் தேடிக்கொள்ளலாம். அந்தக் குரல் மாற்றம் அந்த நேரத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி வச்சேன். இப்போ எது முதல்ல பேசினதுன்னு குழம்புது.

ஆண்ட்ராய்டு போனில் அந்தக் கோப்பின் பெயர் இப்படி இருக்கும்:

```
PTT-20250118-WA0007.opus
```

நடுவில் இருப்பது தேதி, கடைசியில் இருப்பது வரிசை எண். மணி இருக்காது. மணி வேண்டுமென்றால் அரட்டைக்குள் போய், அந்த நோட்டுக்குக் கீழே சின்னதாகத் தெரியும் நேரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் பேசியிருந்தால் அதையும் முழுக்க நம்ப முடியாது. நண்பருக்கு அனுப்பி, அவரிடமிருந்து திரும்ப வாங்கிய கோப்பு என்றால் பெயரில் வாங்கிய நாளின் தேதிதான் நிற்கும். இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது புகைப்படங்கள். போன் கேமராவில் எடுத்த படத்தின் விவரத்தில் எடுத்த நேரம் இருக்கும். நோட்டில் வடை விற்கும் குரல் கேட்கிறது, 8.52-க்கு எடுத்த படத்தில் வடைத்தட்டு தெரிகிறது என்றால் இரண்டும் ஒரே இடம்தான்.

வார்த்தைக்கு வார்த்தை டைப் பண்ணணுமா?

வேண்டாம். நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் செய்யுங்கள். என் 23-இல் ஆறுதான் தேறியது. ஆனால் அந்த ஆறையும் திக்கல், இழுவையோடு அப்படியே எழுதுங்கள். டைப் பண்ணும்போதே திருத்தினால், எந்த இடத்தில் உயிர் இருந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

'முழு வீடியோவையும் கோத்துக்கிட்டுப் போக ஒரு இழை வேணும்'னு எல்லாரும் சொல்றாங்க. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நானே ஒன்னு யோசிச்சு வைக்கணுமா?

யோசித்து வைத்தால் அது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். 'இயற்கையைத் தேடி ஒரு பயணம்' என்று முதலில் ஒரு வரியை எழுதிவிட்டு, எல்லாவற்றையும் அதற்குள் திணிப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் தேடியது இயற்கையை இல்லை, ஜன்னல் சீட்டை. நோட்டே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நட்சத்திர வரிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பொருளையோ கேள்வியையோ தேடுங்கள். என் முதல் நோட்டில் அம்மா, "ஏண்டா, இன்ஜினைக் கொண்டுபோய் பின்னாடி மாட்டியிருக்காங்க?" என்று கேட்கிறார். நான் "அது அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பற்றிப் பேசப் போய்விடுகிறேன். கல்லார் நோட்டில், "வண்டி ஏதோ கடிச்சுப் பிடிச்சு ஏறுற மாதிரி இருக்கு" என்று நானே சொல்கிறேன். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்கிறது. குன்னூரில் இன்ஜினைக் கழற்றுகிறார்கள், அம்மா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான்கு இடத்திலும் இன்ஜின்தான். போகும்போது எனக்கு அது தெரியவே இல்லை. நான் மேகத்தைப் பற்றி வீடியோ போடப்போவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மேகத்தைப் பற்றிப் பேசிய ஐந்து நோட்டிலும் 'சூப்பரா இருக்கு' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஆக, அம்மாவின் கேள்விதான் இழை: இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது? இது பிடிக்கக்கூடிய இழைதானா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை உண்டு. கேள்விக்கு வழியிலேயே, கண்ணால் காட்டக்கூடிய பதில் இருக்க வேண்டும். இங்கே இருந்தது. கல்லாரில் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் ஆரம்பிக்கிறது. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதில் மாட்டிக்கொண்டு, ஏணிப்படியில் கால் வைத்து ஏறுவதுபோல ஏறுகிறது. 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் சரிவு அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். அப்புறம், இன்ஜின் பின்னால், அதாவது பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுவதால், பெட்டிகளை இணைக்கும் கொக்கி அறுந்தாலும் பெட்டி தனியாகக் கீழே உருண்டு ஓடாது. இன்ஜின் தாங்கிக்கொள்ளும். அம்மா கேட்ட கேள்விக்கு இவ்வளவு பெரிய பதில் இருந்திருக்கிறது. நான் 'அது அப்படித்தாம்மா' என்று சொல்லியிருக்கிறேன்.

'நான் ஏன் இந்த ஊருக்கு வந்தேன்' என்ற மாதிரிக் கேள்வி இழையாக வேலை செய்யாது. அதற்கு வழியில் எந்த இடத்திலும் பதில் கிடைக்காது, கடைசியில் நீங்களாக ஏதாவது தத்துவம் சொல்லித்தான் முடிக்க வேண்டியிருக்கும்.

நடந்த வரிசையிலேயே சொல்லிட்டுப் போனா என்ன தப்பு?

தப்பே இல்லை. ரயில் பயணத்துக்கு அதுதான் வசதி. வண்டியே வரிசையாகப் போகிறது, நாம் ஏன் அதைக் கலைக்க வேண்டும்?

ஆனால் வரிசையில் சொல்வதும் இழையோடு சொல்வதும் ஒன்றில்லை. வரிசை என்றால் "அப்புறம் ஹில்குரோவ் வந்தது, அப்புறம் வடை சாப்பிட்டோம், அப்புறம் குன்னூர் வந்தது". ஒவ்வொரு 'அப்புறம்' வரும் இடத்திலும் 'அதனால்' அல்லது 'ஆனால்' போட்டுப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் இழை ஓடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இன்ஜின் பின்னால் இருக்கிறது. ஆனால் கல்லார் வரைக்கும் சமதளம்தான், அதற்கான தேவையே தெரியவில்லை. ஆனால் கல்லாரில் சத்தம் மாறுகிறது. இவ்வளவு ஏற்றத்தில் தள்ளுவதால் இன்ஜினுக்குத் தண்ணீர் தீர்கிறது, அதனால் ஹில்குரோவில் நிற்கிறது. வடை எந்த 'அதனால்' பக்கமும் வரவில்லை. இன்ஜின் தண்ணீர் குடிக்கும்போது நாங்கள் வடை சாப்பிட்டோம் என்று ஒரே வரியில் அதைச் சேர்த்துவிட்டேன். அந்த வரிக்குத்தான் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு நோட்டை எடுத்து, முன்னாடி எப்படி இருந்தது, பின்னாடி எப்படி ஆச்சுன்னு காட்ட முடியுமா?

7.15-க்குப் பேசியது இது. அப்படியே தருகிறேன்:

> "ம்... வண்டி கிளம்பிருச்சு. ஏழு பத்துன்னு போட்டிருந்துச்சு, கரெக்டா கிளம்பிருச்சு. சரியான கூட்டம்... அம்மா ஜன்னல் பக்கம் உக்காந்தாச்சு. காலைல இட்லி சாப்பிட நேரமில்ல, பசிக்குது... என்ன சொல்ல வந்தேன்... ஆ, அந்த இன்ஜின், அது பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு வருது. முன்னாடி பெட்டில ஒருத்தரு கொடி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. எதுக்குன்னு தெரியல. அப்புறம் வெளில வயலு, பாக்கு மரம் எல்லாம் வருது, செமயா இருக்கு... சரி, அப்புறம் பேசுறேன்."

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: கூட்டம், பசி, இன்ஜினும் கொடிக்காரரும், பாக்கு மரம். இழைக்கு உதவுவது மூன்றாவது மட்டும். பாக்கு மரத்தைச் சொல்லவே வேண்டாம், கேமரா காட்டிவிடும். பசியை ஹில்குரோவ் வடைக்கு வட்டி போட்டு வைத்துக்கொள்ளலாம். கொடிக்காரர் ஏன் நிற்கிறார் என்று விசாரித்ததில் விஷயம் பெரிதாகிவிட்டது. ஓட்டுநர் கடைசியில் இருப்பதால் அவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். ஸ்கிரிப்டில் அது இப்படி ஆனது:

> "காலைல ஏழு பத்து. வண்டி நகருது. முன்னாடி இன்ஜின் இல்ல. கொடியோட ஒருத்தர் மட்டும் நிக்கிறாரு.
> இன்ஜின் பின்னாடி இருக்கு. ஓட்டுறவருக்கு எதுக்க வர்ற பாதை தெரியாது.
> அவருக்குக் கண்ணு, இந்தக் கொடிதான்.
> அம்மா கேட்டாங்க: இவ்வளவு சிரமப்பட்டு இன்ஜினை ஏன் பின்னாடி வைக்கணும்?
> எனக்கும் தெரியல."

நோட்டில் இருந்த 'எதுக்குன்னு தெரியல' போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இடம் மாறி, கடைசிக்கு வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எழுதுகிறோம் என்பதால், முதல் நிமிடத்திலேயே பதிலைக் கொட்டிவிடும் ஆசை வரும். முதல் வரைவில் நான் அதைத்தான் செய்தேன். முதல் நிமிடத்திலேயே பல்சக்கரத்தை விளக்கிவிட்டேன், அதற்குப் பிறகு வந்த ஏழு நிமிடமும் சும்மா ஓடியது. வாய்ஸ் நோட்டில் எப்போது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததோ, ஸ்கிரிப்டிலும் அதுவரை தெரியாமலே இருக்கட்டும்.

ஸ்கிரிப்ட்டை எழுத்துத் தமிழ்ல எழுதணுமா, பேசுற மாதிரியா?

பேசுகிற மாதிரி. 'வண்டி நகர்கிறது' என்று எழுதி வைத்துவிட்டு, வாசிக்கும்போது 'நகருது' என்று மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்போம். மைக் முன்னால் அது நடக்காது. பாதி வரி செய்தி வாசிப்பாகவும் பாதி வரி பேச்சாகவும் வந்து நிற்கும். உங்கள் வீட்டில் 'உக்காந்தாச்சு' என்று சொல்வார்களா 'ஒக்காந்தாச்சு' என்று சொல்வார்களா, அப்படியே எழுதுங்கள். இன்னொன்று: ஒரு வரி ஒரு மூச்சுக்குள் முடிய வேண்டும். எழுத்துத் தமிழ்ப் பழக்கத்தில் 'ஏறிக்கொண்டிருந்தபோது பார்த்த அந்த' என்று பெயரெச்சத்தை அடுக்கிக்கொண்டே போவோம். படிக்கும்போது புரியும், காதில் விழும்போது யார் எதைப் பார்த்தார்கள் என்பது நழுவிவிடும். அப்படி வந்த வரியை இரண்டாக உடையுங்கள்.

பக்கத்து சீட்டுக்காரர் சொன்ன தகவல் நோட்டுல இருக்கு. அதை அப்படியே சேர்த்துக்கலாமா?

சரிபார்க்காமல் சேர்க்காதீர்கள். எங்களோடு வந்த ஒரு பெரியவர், "இந்த வண்டி 1854-லேர்ந்து ஓடுது தம்பி" என்று அழுத்தம்திருத்தமாகச் சொன்னார். நோட்டில் நானும் "அப்படியா சார்!" என்று வியந்திருக்கிறேன். பார்த்தால், 1854 என்பது இந்தப் பாதையைப் போடலாம் என்று முதலில் யோசனை சொல்லப்பட்ட ஆண்டு. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர் வரை வண்டி ஓடியது 1899-இல், ஊட்டி வரை 1908-இல். பெரியவர் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. ஆண்டு சரி, நடந்தது வேறு. வாய்வழித் தகவல்களில் இந்த வகைத் தவறுதான் அதிகம், அதனால்தான் பிடிபடாமல் தப்பிவிடுகிறது. நோட்டில் வரும் ஒவ்வொரு எண்ணையும் அடிக்கோடிட்டு, 'எண் சரியா' என்பதோடு 'அந்த எண் எதைக் குறிக்கிறது' என்றும் பாருங்கள்.

சரிபார்த்த பிறகும் ஆண்டுகள் எல்லாவற்றையும் நான் சேர்க்கவில்லை. ஒரே வரி: "யோசனை வந்தது 1854-ல. ஊட்டிக்கு வண்டி வந்தது 1908-ல. இந்த ஏத்தம் அப்படி." இழைக்கு அவ்வளவு போதும். யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது நல்ல தகவல்தான், ஆனால் இன்ஜின் ஏன் பின்னால் இருக்கிறது என்பதற்கு அது பதில் இல்லை. வீடியோவுக்குக் கீழே வரும் விவரத்தில் போட்டுவிட்டேன்.

நோட்டுல அருமையா விவரிச்சிருக்கேன். ஆனா அந்த இடத்துக்கு வீடியோவே எடுக்கல. என்ன செய்யலாம்?

இது எல்லாருக்கும் நடக்கும். கை போனில் பேசிக்கொண்டிருந்தால் அதே போனில் படம் எப்படி எடுப்பது?

ஸ்கிரிப்ட்டை இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். இடப்பக்கம் குரல், வலப்பக்கம் அதற்கு என்ன காட்சி. வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள் உடனே கண்ணில் படும். என் ஸ்கிரிப்டில் மிகப் பெரிய ஓட்டை கல்லாரில்தான்: பல்சட்டத்தைக் காட்டும் காட்சி என்னிடம் இல்லவே இல்லை. வண்டி நகரும்போது தண்டவாளத்தின் நடுவைப் பெட்டிக்குள்ளிருந்து எப்படி எடுப்பது? தலையை வெளியே நீட்டி எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம். ஹில்குரோவில் நின்றபோது எடுத்த ஒரு புகைப்படத்தின் ஓரத்தில் அந்தப் பல் தெரிந்தது. அந்த ஓரத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினேன். கல்லார் வரிகளை "இங்க சத்தம் மாறுது, ஏன்னு இப்பத் தெரியாது" என்று மாற்றி, விளக்கத்தை ஹில்குரோவுக்குத் தள்ளினேன். காட்சி இல்லாத குறையால் வந்த மாற்றம்தான், ஆனால் கதைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நோட்டில் 'இதோ பாருங்க', 'அங்க தெரியுது பாருங்க' என்று பேசியிருப்பீர்கள். அந்தச் சொற்களை ஸ்கிரிப்டில் விட்டுவைத்தால், பார்ப்பவர் எங்கே எங்கே என்று தேடுவார். காட்சி இல்லையென்றால் 'பாருங்க'வை எடுத்துவிட்டு, காதில் விழுந்ததையும் கையில் பட்டதையும் எழுதுங்கள்.

எத்தனை வார்த்தை எழுதணும்?

நான் ஆற அமரப் பேசினால் நிமிடத்துக்கு 100 சொல் வருகிறது. உங்கள் கணக்கு தெரிய, ஏதாவது ஒரு பக்கத்தைக் கடிகாரம் வைத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எட்டு நிமிட வீடியோவில் குரலுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தேன், மீதி ரயிலின் சத்தத்துக்கு. ஆக 450 சொல். முதல் வரைவு 900 வந்தது. வெட்டியதில் பாதி, படமே காட்டிவிட்டதை வாயாலும் சொன்ன வரிகள்.

திரும்ப ரெக்கார்ட் பண்ணாம, வாய்ஸ் நோட்டையே வீடியோல போடலாமா?

ஓரிரு இடத்தில் போடலாம், போடவும் வேண்டும். அம்மாவின் 'ஏண்டா, இன்ஜினைக் கொண்டுபோய்' கேள்வியை எவ்வளவு நன்றாக எழுதி நான் வாசித்தாலும் அது வராது. ஆனால் வாய்ஸ் நோட்டின் ஒலி சன்னமாக, தகரத்துக்குள் பேசுவதுபோல இருக்கும். மைக்கில் பதிந்த குரலுக்கு நடுவே வந்தால் வித்தியாசம் காதில் உறுத்தும். பத்து வினாடிக்குள் முடித்துக்கொண்டு, திரையில் எழுத்தையும் போடுங்கள். அப்போது அது தெரிந்தே வைத்ததாகப் படும். கூட வந்தவர் குரல் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். அந்தப் பெரியவரிடம் கேட்க வழியில்லை, அதனால் அவர் குரலை எடுக்கவில்லை.

உங்க வீடியோல ஊட்டியே வரலையே? ஊட்டிக்குத்தானே போனீங்க?

இதைத்தான் எல்லாரும் கேட்டார்கள், முதலில் கேட்டது அம்மா. 23 நோட்டில் ஒன்பது ஊட்டியில் பேசியவை. தாவரவியல் பூங்கா, வர்க்கி, சாக்லேட் கடை, குளிருக்கு வாங்கிய குல்லா. மூன்றாவது வரைவு வரை அவற்றை வைத்துத்தான் பார்த்தேன். ஆறாவது நிமிடத்தில் இன்ஜின் கதை முடிந்ததும் வீடியோ வேறு யாரோ எடுத்ததுபோல ஆகிவிட்டது. பல்சட்டம் குன்னூரோடு முடிகிறது, அங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டுகிறார்கள். அம்மாவின் கேள்வியும் அங்கேயே முடிந்துவிட்டது. பயணம் ஊட்டி வரை போனது, கதை குன்னூரில் இறங்கிவிட்டது. ஊட்டி நோட்டுகளைத் தனி ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். வர்க்கியைப் பற்றி மட்டும் நான்கு நோட் இருக்கிறது, அதில் ஒரு இழை கிடைக்கும் போலிருக்கிறது.

கடைசிக் காட்சிக்கு நான் எதுவும் எழுதவில்லை. குன்னூர் பிளாட்பாரம், இன்ஜின் தனியாக விலகிப் போகிறது, 10.30 நோட்டில் இருந்த அம்மாவின் குரல்: "நடுவுல இருந்த பல்லைக் காணோமேடா." அதோடு நிறுத்திவிட்டேன்.